நிதி திரட்டும் ஓட்டத்திற்கு ஒரு தமிழ்ச் சொல்: சட்டையிலும் பதிவுப் பக்கத்திலும் நிற்க வேண்டியது

ஒருங்கிணைக்கும் ஆசிரியை, காரைக்குடி

அன்புள்ள கலைச்சொல் அகராதிக் குழுவினருக்கு வணக்கம். டயாலிசிஸ் செலவைத் தாங்க முடியாத குடும்பங்களுக்காக நிதி திரட்டும் பொருட்டு, வரும் தை மாதத்தில் எங்கள் ஊரில் 5 கி.மீ. ஓட்டம் ஒன்றை நடத்தவிருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பெரியவர்களும் கலந்துகொள்வார்கள். பரிசும் கிடையாது, நேரக் கணக்கும் கிடையாது. சுவரொட்டியின் முதல் வரைவில் ‘மாபெரும் மினி மாரத்தான்’ என்று எழுதியிருந்தார்கள். ‘மாபெரும்’ என்பதும் ‘மினி’ என்பதும் ஒரே வரியில் நிற்பது எனக்கு ஒப்பவில்லை. இவ்வகை ஓட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வழங்கக்கூடிய ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். அதுவே சட்டையின் மார்பிலும் இணையப் பதிவுப் பக்கத்தின் தலைப்பிலும் வர வேண்டும். ‘கொடையோட்டம்’ என்று நான் எண்ணியிருக்கிறேன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், பாளையங்கோட்டை

அம்மா, மாரத்தானை விட்டுவிட நீங்கள் நினைத்தது மிகவும் சரி. அச்சொல் இன்று ஒரு தொலைவின் பெயராகிவிட்டது. 1908இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய 42.195 கி.மீ. என்ற அளவு 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அதில் பாதியை ஓடினால் அரை மாரத்தான் என்கிறோம். 5 கி.மீ. ஓடிய பிள்ளை வீட்டுக்கு வந்து ‘மாரத்தான் ஓடினேன்’ என்று சொன்னால், உண்மையில் அதை ஓடி முடிப்பதற்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுப்பவரின் உழைப்புக்கு நம்மிடம் சொல்லே இல்லாமல் போய்விடும். கனடா இளைஞர் டெரி ஃபாக்ஸ் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980இல் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே 143 நாள் ஓடியபோது, நாள்தோறும் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தொலைவை ஓடினார்; அவருடைய முயற்சியின் பெயரில் மாரத்தான் என்ற சொல் இருந்தது பொருத்தமே. ஆனால் 1981 முதல் அவர் நினைவாக மக்கள் கூடி ஓடும் நிகழ்ச்சிக்கு ‘ஓட்டம்’ என்ற எளிய பெயரைத்தான் வைத்தார்கள். அங்கும் வென்றவர் என்று ஒருவரும் இல்லை.

‘கொடையோட்டம்’ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நெல்லைச் சீமையில் கொடை என்றால் அம்மன் கோயில் கொடைவிழா. சுவரொட்டியைப் பார்த்தவுடன், எந்தக் கோயிலில் என்றுதான் முதலில் கேட்பார்கள். செய்தித்தாள் படிப்பவர்களுக்கோ ‘கொடை’ என்பது கொடைக்கானலின் சுருக்கம்.

மென்பொருள் துறையினர், சென்னை

‘தொடரோட்டம்’ என்று வைக்கலாமே. பள்ளி நாள்களிலேயே எல்லாருக்கும் பழகிய சொல். இன்னொன்று, பதிவுப் பக்கத்தில் நீளமான பெயர் ஆபத்தானது. கணினியில் தமிழ் எழுத்து ஒன்று மூன்று எழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிகழ்ச்சியின் பெயருக்கு 50 இடம் ஒதுக்கியிருந்தால் தமிழில் 16 எழுத்துக்கு மேல் எழுத முடியாது. ஆகவே எந்தப் பெயரானாலும் 16 எழுத்துக்குள் அடக்கிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், பாளையங்கோட்டை

தம்பி, தொடரோட்டம் என்பது நான்கு பேர் கோலைக் கைமாற்றி ஓடுவது. அதையே அஞ்சலோட்டம் என்றும் சொல்கிறோம். இடைவிடாமல் ஓடுவது என்ற பொருளில் இங்கே அதைப் போட்டால், பள்ளி அணிகள் நால்வர் நால்வராகப் பெயர் கொடுக்க வந்து நிற்கும்.

தமிழ் எழுத்துருப் பணியில் இருப்பவர், பெங்களூரு

சென்னை நண்பர் சொன்னதில் பாதி சரி. ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிப்பது உண்மை. ஆனால் இன்றைய தரவுத்தளங்களில் 50 என்று ஒதுக்கினால், பெரும்பாலும் அது 50 குறிகளைத்தான் குறிக்கும். நாம் ஒரே எழுத்தாகப் பார்க்கும் ‘கொ’ கணினிக்கு இரண்டு குறி, ‘ட்’ இரண்டு குறி என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். நீளம் உண்மையில் கடிக்கும் இடங்கள் வேறு இரண்டு.

ஒன்று, பதிவு உறுதியான பிறகு போகும் குறுஞ்செய்தி. அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் முழுச் செய்தியின் வரம்பும் 160இலிருந்து 70 ஆகச் சுருங்கிவிடும். ‘நிதி திரட்டும் நெடுந்தொலைவு ஓட்டம்’ என்று பெயர் வைத்தீர்களானால், இடைவெளிகளையும் சேர்த்து அதுவே 34 குறி ஆகிறது. மீதமுள்ள 36 குறிகளுக்குள் ஓடுபவரின் பெயர், அவருடைய எண், கூட வேண்டிய இடம், நேரம் எல்லாம் அடங்காது. செய்தி இரண்டாக உடைந்து, கட்டணமும் இரட்டிப்பாகும்.

மற்றொன்று, பக்கத்தின் முகவரி. தமிழிலேயே முகவரி வைத்து அதை வாட்சாப்பில் நகலெடுத்து அனுப்பினால், பல வேளைகளில் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரிந்துவிடும். ‘நல’ என்ற இரண்டே எழுத்து இப்படி வரும்:

```
%E0%AE%A8%E0%AE%B2
```

இதைப் பார்த்த பெரியவர்கள் ஏதோ மோசடி இணைப்பு என்று எண்ணித் திறக்காமல் விட்டுவிடுவதை நான் என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். ஆகவே முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். அதற்கு, யார் ஒலிபெயர்த்தாலும் ஒரே மாதிரி வரக்கூடிய பெயராக இருந்தால் நல்லது.

சட்டை அச்சிடுபவர், திருப்பூர்

ஐயாமார்களே, அச்சுப் பக்கத்திலிருந்து ஒரு சொல். முன்பொரு முறை ஓர் அமைப்புக்கு 400 சட்டை அச்சிட்டோம். பெயரில் ‘கொ’ இருந்தது. அவர்கள் அனுப்பிய கோப்பை எங்கள் கணினியில் திறந்தபோது, க-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நின்றது. வடிவமைக்கும் மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை இயக்காமல் விட்டால் அப்படித்தான் வரும். எங்கள் கடைப் பையனுக்குத் தமிழ் படிக்க வராது. நானும் திரையை நெருங்கிப் பார்க்கவில்லை. துணி காய்ந்த பிறகுதான் கண்ணில் பட்டது. அந்தச் செலவு முழுவதும் என் தலையில் விழுந்தது. அதைவிட, பெயர் பிழையாகி ஊரார் பார்க்க நின்றதே என்ற வருத்தம் இன்றும் ஆறவில்லை.

ஆகையால் எ, ஏ, ஐ, ஒ, ஓ வரிசை உயிர்மெய்கள் இல்லாத பெயராகக் கிடைத்தால் பாதிக் கவலை தீரும். இரண்டாவது, புள்ளி. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மெல்லிய புள்ளி ஒன்று மை பரவி எழுத்தோடு ஒட்டும், அல்லது நாலு சலவையில் உதிர்ந்துபோகும். அப்புறம் ‘ஓட்டம்’ என்பது ‘ஓடடம’ ஆகிவிடும். மார்பில் அச்சிடக் கிடைக்கும் அகலம் ஏறக்குறைய 28 செ.மீ. தான். அதில் ‘நெடுந்தொலைவு’ போன்ற சொல்லை அடக்க எழுத்தைச் சிறிதாக்கினால் புள்ளியும் சேர்ந்து சிறுத்துவிடும். சொல் குறுகியதாக இருந்தால்தான் புள்ளியைப் பெரிதாக வைக்க முடியும்.

குழுவின் பழைய உறுப்பினர், கோவை

நாங்கள் ஆண்டுதோறும் நீரிழிவு விழிப்புணர்வுக்காக நடக்கிறோம். நடைபயணம் என்று போட்டால் பாதயாத்திரை என்றும், அரசியல் நடைபயணம் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கும் ஒரு பெயர் கொடுங்கள். நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் சேர்த்து ‘ஊரோட்டம்’ என்று வைத்தால் என்ன? ஊரோடு ஒத்து ஓடு என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களே.

நூலகர், யாழ்ப்பாணம்

‘ஊரோட்டம்’ ஒலியாலும் பொருளாலும் அழகான சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் எங்களுக்கு அச்சொல்லைக் கேட்டவுடன் 1995 ஒக்டோபரின் கடைசி நாட்கள் நினைவுக்கு வருகின்றன. அன்று போருக்கு அஞ்சி ஊரே ஓடியது. என் தாயார் ஒரு கையில் என்னையும் மறு கையில் தையல் இயந்திரத்தின் தலையையும் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். பொதுச் சொல்லாக அகராதியில் ஏறப்போவது என்றால், இங்குள்ளவர்களும் அதைச் சட்டையில் அணிய வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மாரத்தானை நாங்கள் ‘மரதன்’ என்று எழுதுகிறோம். அந்தத் தொலைவுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வதில் எங்களுக்கும் உடன்பாடே.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், பாளையங்கோட்டை

யாழ்ப்பாணத்து அம்மையாரின் மடலைப் படித்த பிறகு, ஊரோட்டத்தைப் பொதுச் சொல்லாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘நிதியோட்டம்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். அது கணக்காளர்கள் பணப்புழக்கத்திற்கு வழங்கும் சொல். ‘வெள்ளோட்டம்’ தேருக்கு உரியது. ‘ஈகையோட்டம்’ என்றால் ஈகைத் திருநாளோடு சேர்த்து எண்ணுவார்கள்.

‘நல ஓட்டம்’ என்று வைக்கலாமா? நல உதவி, நல வாரியம் என்று பிறருக்காகச் செய்யப்படும் காரியங்களுக்கு அடைமொழியாக ‘நல’ ஏற்கெனவே வழங்குகிறது. ஓடுபவரின் உடல்நலமும் அதில் அடங்கும். குறை ஒன்றுண்டு. இவ்வகை ஓட்டத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஃபன் ரன்’ என்பதிலுள்ள மகிழ்ச்சி இச்சொல்லில் இல்லை.

தமிழ் எழுத்துருப் பணியில் இருப்பவர், பெங்களூரு

எண்ணிப் பார்த்தேன். இடைவெளியோடு சேர்த்து ஒன்பதே குறி. கொம்போ காலோ சுழியோ ஒன்றும் இல்லை. இரண்டு புள்ளி மட்டுமே. திருப்பூர் நண்பருக்கு இதைவிட எளிதான பெயர் கிடைக்காது.

புலவர், தஞ்சாவூர்

மகர ஈறு கெட்டு உயிர் வந்தால் உடம்படுமெய் தோன்ற வேண்டும். மரம், அடி சேர்ந்து மரவடி ஆவது போல இது ‘நலவோட்டம்’ என்றுதான் ஆகும். கலைச்சொல் என்று அகராதிக்கு அனுப்புவதைப் பிரித்து எழுதிப் பழக்கப்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒருங்கிணைக்கும் ஆசிரியை, காரைக்குடி

அனைவருக்கும் நன்றி. புலவர் ஐயாவின் இலக்கணத்தை மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் ‘நலவோட்டம்’ என்று சேர்த்து எழுதும்போது ‘வோ’ வந்துவிடுகிறது. அச்சில் உடையும் அந்த எழுத்தே தேடலிலும் சிக்கலாகிறது. சிலர் அதில் ‘வ’வை அடுத்து வரும் ஓகாரத்தை ஒரே குறியாகவும், சிலர் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் தட்டுகிறார்கள். பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும், பதிவுப் பக்கம் அவற்றை ஒருமைப்படுத்தாவிட்டால் தேடுபவருக்கு எங்கள் நிகழ்ச்சி கிடைக்காது. மேலும், ஓட்டம் என்று மட்டும் தட்டித் தேடுபவரும் வந்து சேர வேண்டும் என்று விரும்புகிறேன். ஆகவே சட்டையிலும் பக்கத்திலும் ‘நல ஓட்டம்’ என்றே பிரித்து வைக்கிறோம். அகராதிப் பதிவில் எந்த வடிவம் நிற்க வேண்டும் என்பதைக் குழு தொடர்ந்து பேசட்டும்.

முன்புறம் ‘நல ஓட்டம்’, அதன் கீழே ‘5 கி.மீ.’; ஊர்ப் பெயரும் நோக்கமும் முதுகுப் பக்கத்தில். முகவரிக்கு nalaottam என்று வைத்துப் பத்துப் பேரிடம் காதால் கேட்டு எழுதச் சொன்னேன். ஆறு பேர் அப்படியே எழுதினார்கள், மூவர் nalaoattam என்றும் ஒருவர் nalavottam என்றும் எழுதினார்கள். மூன்றையும் ஒரே பக்கத்திற்குத் திருப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். கோவை ஐயா கேட்ட நடைக்கு ‘நல நடை’ என்று சொல்லிப் பார்த்தேன். ‘டை’ வருகிறது, ஒலியும் முழுதாகத் திருப்தி தரவில்லை.

சட்டை அச்சிடுபவர், திருப்பூர்

அம்மா, எழுத்துகளைக் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்றிய கோப்பை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். அதோடு ஒரு தாளில் நிஜ அளவில் அச்செடுத்து, இரண்டு புள்ளியையும் சிவப்பு மையால் வட்டமிட்டுப் படம் பிடித்து அனுப்புங்கள். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்து நானே ஒரு சட்டையை முதலில் அச்சிட்டு, துவைத்துக் காயவைத்து, உங்களுக்குக் கூரியரில் அனுப்புகிறேன்; நீங்கள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே மற்றவற்றைத் தொடுவேன்.