புதுப்பிப்பு: இரவில் தொலைந்துபோகும் ஜிக்பீ கதவு சென்சார்

என் பழைய கேள்வி: "பின்வாசல் கதவு சென்சார் தினமும் இரவு காணாமல் போகிறது, காலையில் தானே வந்துவிடுகிறது. பேட்டரி புதியது. என்ன காரணம்?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "படுக்கப்போகும்முன் எந்த சுவிட்சை அணைக்கிறீர்கள்?" என்று கேட்டவர்தான் சரியாகப் பிடித்தார். ஜிக்பீ சாதனங்களை நிர்வகிக்கும் Zigbee2MQTT மென்பொருளின் வரைபடத்தில் பார்த்தேன்: சென்சார் நடைக்கூடத்து ஸ்மார்ட் பல்பு வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பல்பை அப்பா தினமும் இரவு சுவரிலேயே அணைத்துவிடுவார்!

ஜிக்பீ சிக்னலைப் பிடிக்கும் டாங்கிளை யுஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து நீட்டிப்பு வயரில் தள்ளி வைக்கச் சொன்னவர் பாதி சரி. சிக்னல் கூடியது, ஆனால் இரவுச் சிக்கல் அப்படியே இருந்தது.

அப்புறம் பல்புக்குப் பதிலாக வழி கொடுக்க, எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் ஒன்றைப் பின்வாசல் அருகே மாட்டினேன். எதிர்பாராதது இங்கேதான்: இரண்டு நாளாகியும் சென்சார் பழைய பல்பை விடவே இல்லை. எந்தச் சாதனம் வழியாக இணையலாம் என்று தேர்வு செய்யும் Permit join பட்டியலில் அந்தப் பிளக்கை மட்டும் தேர்ந்தெடுத்து, சென்சாரை மறுபடி இணைத்த பிறகுதான் மாறியது. பதினொரு இரவாக ஒரு தடவைகூடத் தொலையவில்லை.

பிளக்குக்குப் பதிலாக நியூட்ரல் வயர் தேவைப்படாத ஜிக்பீ சுவர் சுவிட்சைப் பரிந்துரைத்தவருக்கு: என்னிடம் ஒன்று இருக்கிறது. மின் இணைப்பில் இருந்தும் அது வரைபடத்தில் எண்ட் டிவைஸ்தான், யாருக்கும் வழி கொடுக்காது.



ஜன்னல் சென்சார் மட்டும் இன்னும் அதே பல்பில் தொங்குகிறது. ஆனால் அது தொலைவதில்லை, ஏனென்று புரியவில்லை.