புதுப்பிப்பு: 20 சதவீதம் கட்டி வருமான வரி வசூலுக்குத் தடை பெற்றேன்

கேள்வி: "மேல்முறையீடு முடியும்வரை வரிப் பாக்கி ₹6,40,000 முழுவதையும் கட்டாமல் இருக்க முடியுமா?"

என்னுடைய இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி உதவிய எல்லோருக்கும் நன்றி. பெங்களூரில் தடை ஆணை கிடைத்துவிட்டது.

பலித்தது ஓய்வுபெற்ற வரி அதிகாரி ஐயா சொன்ன வழிதான். ₹1,28,000 கட்டி, அந்தச் செலானையும் மேல்முறையீட்டுக்கான படிவம் 35-இன் ஒப்புகையையும் இணைத்து, 1961 வருமான வரிச் சட்டத்தின் 220(6) பிரிவின்கீழ் மதிப்பீட்டு அதிகாரியிடம் மனு கொடுத்தேன். 15 சதவீதம் போதும் என்றவர் சொன்னது 2017 ஜூலை வரை இருந்த அளவு. பணம் கட்டியதும் வசூல் தானாக நின்றதாக ஜெயநகர் நண்பர் எழுதியது அவருடைய ஜிஎஸ்டி வழக்கு. வருமான வரியில் ஆணை எழுத்தில் வர வேண்டும்.

எதிர்பாராதது ஒன்று: வரும் ரீஃபண்டைப் பாக்கியில் கழித்துக்கொள்ளும் உரிமையை ஆணை வைத்துக்கொண்டிருக்கிறது. 20 சதவீதம் கட்டிய பிறகும் அது செல்லுமா என்பதில் ஐயாவும் என் ஆடிட்டரும் ஒத்துப்போகவில்லை. அப்படி ரீஃபண்டைக் கழிக்கப் போவதாக 245-ஆம் பிரிவு நோட்டீஸ் வந்தால், தடை ஆணையைக் காட்டி மறுப்புத் தெரிவிக்கப் போகிறேன்.