மாவில் உட்கார்ந்த கண்ணன்

எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. இந்த கிருஷ்ண ஜெயந்திக்குக் கண்ணன் வேஷம் போட்டு, படத்தைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினோம். முதலில் வாடகைக்கு ஒரு செட் வாங்கி வந்தேன். கிரீடத்தின் உள்பக்கம் ஜரிகை குத்தியது, எலாஸ்டிக் நெற்றியில் சிவப்புக் கோடு போட்டது. இரண்டே நிமிடத்தில் அழுகை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அவள் அப்பாவின் பழைய மஞ்சள் துண்டைப் பஞ்சகச்சம் மாதிரி கட்டி, ஓரத்தை ஊசி குத்தாமல் உள்ளே செருகினோம். தலையில் மெல்லிய பருத்திப் பட்டை, அதில் ஒரு மயிலிறகு. அவ்வளவுதான். காலைத் தூக்கம் முடிந்து இட்லியும் சாப்பிட்ட பிறகு, ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் படுத்துக்கொண்டு எடுத்தேன். அவள் கண் மட்டத்தில் போன் இருந்ததால் முகம் முழுசாக வந்தது.

வாசலிலிருந்து பூஜை அறை வரை அத்தை மாவில் கண்ணன் பாதம் வைத்திருந்தார். ஈரம் காயும் முன்பே இவள் அதன் மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் தேய்த்துவிட்டாள். துண்டெல்லாம் மாவு. புல்லாங்குழலோடு நேராக நிற்கும் படம் ஒன்றும் இருந்தது, ஆனால் நான் அனுப்பியது மாவுப் படத்தை. கீழே இப்படி எழுதினேன்:

"பாதம் வைத்து அழைத்தோம். வந்தவர் பாதத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்! அனைவருக்கும் கிருஷ்ண ஜெயந்தி வாழ்த்துகள். தாத்தா, பாட்டி, சீடையில் பங்கு வைத்திருக்கிறோம், சீக்கிரம் வாருங்கள்."

உங்கள் வீட்டில் என்ன நடந்தது, என்ன எழுதினீர்கள்?

திருச்சியிலிருந்து ஒரு பாட்டி

உங்கள் படம்தான் சரியான படம், கண்ணு. ஆயர்பாடியில் அவன் பிறந்த அன்று எண்ணெயும் மஞ்சள் பொடியும் ஒருவர் மேல் ஒருவர் தூவி முற்றமே சேறானது என்று ஆண்டாள் பாடியிருக்கிறாளே! மாவில் உட்கார்ந்த குழந்தைக்கு அதைவிடப் பொருத்தமான வரி கிடைக்குமா?

ஸ்ரீரங்கத்துக்காரர்

அம்மா, முற்றம் சேறானது பெரியாழ்வார் பாசுரத்தில், அவருடைய திருமொழியின் தொடக்கத்திலேயே. ஆண்டாள் அவர் மகள் என்பதால் அப்படி நினைவு வந்திருக்கும். அவர் அந்தக் கொண்டாட்டத்தைத் திருக்கோட்டியூரோடு சேர்த்துப் பாடுகிறார். ஆட்கள் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், உறியை முற்றத்தில் உருட்டுகிறார்கள், நெய், பால், தயிரை வாரித் தூவுகிறார்கள். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொண்டு ஒருவரும் நிற்கவில்லை. அதனால் அந்த மாவுப் படம் எனக்கும் மிகவும் பிடித்தது. இன்னொன்று, எங்கள் வீட்டில் ஆவணி ரோகிணி பார்த்து ஸ்ரீஜெயந்தி கொண்டாடுவோம், சில வருடம் நாள் மாறும். இரண்டு பக்கத்துச் சம்பந்திகளுக்கும் ஒரே வாழ்த்தை அனுப்பும்போது "இன்று" என்ற சொல் இல்லாமல் எழுதினால் யாருக்கும் உறுத்தாது. நீங்கள் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

சேலத்திலிருந்து ஓர் அப்பா

போன வருடம் நான் மகனுக்கு முகத்தில் நீலச் சாயம் பூசினேன். அரை மணி நேரத்தில் கன்னம் சிவந்து தடித்துவிட்டது. வெந்நீரில் கழுவிக் கழுவித்தான் போனது. அன்று படமே எடுக்கவில்லை. இந்த வருடம் சாயமே இல்லை, நெற்றியில் சந்தனம் மட்டும். அதையும் முந்தின நாளே முன்கையில் தடவிப் பார்த்துவிட்டேன். மணி மாலையும் வேண்டாமென்று விட்டோம், அறுந்தால் நேராக வாய்க்குத்தான் போகும்.

அப்புறம், படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள், தெளிவாகப் போகும்.

மதுரையிலிருந்து ஓர் அக்கா

பள்ளி மாறுவேடப் போட்டிக்கு ராதை உடை எங்கே வாடகைக்குக் கிடைக்கும்? என் மகளுக்கு நான்கு வயது.

ஸ்ரீரங்கத்துக்காரர்

சேலம் தம்பி சொன்னதில் பாதி சரி. டாக்குமென்டாக அனுப்பினால் தெளிவு குறையாது. ஆனால் போனில் இடக் குறிப்பு பதிவாகியிருந்தால், எடுத்த இடமும் படத்தோடு போய்விடும். அனுப்பும் முன் அதை நீக்கிவிடுங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் அது போகாது, தெளிவு கொஞ்சம் குறையும். தாத்தா பாட்டிக்கு அதுவே போதும்.

குழந்தையின் அம்மா

சாதாரணமாகத்தான் அனுப்பினேன். ஸ்டேட்டஸில் மட்டும் வைக்கவில்லை. துண்டு மட்டும் கட்டிய குழந்தைப் படத்தை எல்லோரும் பார்க்க வைப்பதா என்று வீட்டில் இரண்டு கருத்து. அத்தை வைக்கலாம் என்கிறார், எனக்கு மனம் வரவில்லை. மதுரை அக்கா, வாடகை உடை எடுத்தால் கிரீடத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், ஜரிகை முனை இருந்தால் உடனே தெரியும்.

திருச்சிப் பாட்டி

பெரியாழ்வாரா! சரி, நல்லவேளை சொன்னீர்கள். என் பேத்திக்கு அனுப்பும் படத்தில் திருத்திவிட்டேன். அந்த மாவுத் துண்டை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிறாயா, கண்ணு?