3,000 ரூபாய்ப் பனையோலைப் பை: விலை சொன்ன அனுபவங்கள்

உப்புவெளியில் பன்னவேலை செய்பவர்

திருகோணமலைக்குப் பக்கத்தில் நான் இழைக்கும் பனையோலைத் தோள்பையின் விலை 3,000 ரூபாய். அந்த விலை எப்படி வந்தது என்பதைச் சொல்லி ஒரு நிமிட வீடியோ ஒன்றை எடுத்தேன். அதில் என்ன காட்டினேன், அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை இங்கே எழுதுகிறேன். கைவேலை விற்பவர்களும் வாங்குபவர்களும் தங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

வீடியோவின் முதல் வாக்கியம் இதுதான்: "இந்தப் பை 3,000 ரூபாய். இந்தப் பணம் எங்கெங்கே போகிறது என்று காட்டுகிறேன்." விலையைக் கடைசியில் சொன்னால், அதற்கு முன் காட்டிய உழைப்பெல்லாம் விலைக்குச் சமாதானம் சொல்வதுபோல் ஆகிவிடும். "விலை அதிகம் என்று பலர் சொல்கிறார்கள்" என்றும் நான் தொடங்கவில்லை. அப்படி நினைக்காமல் பார்க்க வந்தவருக்கும் அந்த நினைப்பை நாமே ஊட்டுவானேன்?

அடுத்து, பாயை விரித்து ஒரு பைக்கு வேண்டிய பொருள்களை வைத்தேன். இரண்டு குருத்து 400 ரூபாய், சாயமும் அதைக் காய்ச்சும் விறகும் 90, உள்துணி, நூல், சிப் எல்லாம் 310. ஆக 800. குருத்தை நான் 160 ரூபாய்க்குத்தான் வாங்குகிறேன். ஆனால் பத்து வாங்கினால் எட்டுத்தான் பைக்கு உதவுகிறது. மிச்சம் இரண்டில் காயும்போது பூஞ்சணம் பிடித்துக் கறுப்புப் புள்ளி விழுந்துவிடும், அல்லது ஓலை முற்றியிருந்து மடிக்கும் இடத்தில் வெடித்துவிடும். அந்த இரண்டுக்கும் காசு கொடுத்தாயிற்று. பத்துக்குக் கொடுத்த 1,600 ரூபாயை எட்டால் பிரித்தால் குருத்து ஒன்று 200 ரூபாய் ஆகிறது. புள்ளி விழுந்த ஓலை ஒன்றையும் பாயில் வைத்துக் காட்டினேன். வீடியோவில் பலர் திரும்பத் திரும்பப் பார்த்த இடம் அதுதான்.

பிறகு நேரம். ஈர்க்கு நீக்கி ஓலை வார்வது, சாயம் காய்ச்சுவது, இழைப்பது, உள்துணி தைப்பது, விளிம்பு கட்டி முடிப்பது என்று ஒரு பைக்கு ஆறு மணி நேரம். கைகளை வேகமாக ஓடவிட்டு, திரையின் மூலையில் மணி நேரத்தை மட்டும் எழுதினேன். என் கூலி மணிக்கு 250 ரூபாய், ஆறு மணி நேரத்துக்கு 1,500. பஸ் செலவு, கத்தரிக்கோல், ஊசி, பொதி செய்யும் கடதாசி ஆகியவற்றுக்குப் பைக்கு 200. இதுவரை 2,500.

கடைசியில் "500 ரூபாய் என் லாபம்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். அந்த 500 ரூபாயை வைத்து என்ன செய்கிறேன் என்று விளக்கவில்லை.

வீடியோவைப் பார்த்த ஓர் ஆசிரியை என்னிடம் வந்தார். "இத்தனை நாளும் பொருளுக்குப் போன 800 தவிர மற்றதெல்லாம் உங்கள் லாபம் என்று நினைத்திருந்தேன்" என்றார். கூலி வேறு, லாபம் வேறு என்பதை நான் வாயால் சொல்லியிருந்தால் வாக்குவாதமாகப் போயிருக்கும். எண்கள் தனித்தனியாக நின்றதால் அவரே பிரித்துக்கொண்டார்.

இன்னொருவர் 2,000 ரூபாய்க்குத் தரமுடியுமா என்று கேட்டார். அதே பையை உள்துணியும் சிப்பும் இல்லாமல் எடுத்துக் காட்டினேன். பொருளில் 310 ரூபாயும் தையலில் ஒரு மணி நேரமும் குறைவதால் அடக்கம் 1,940 ஆகிறது. அதே 20 சதவீத லாபத்துடன் 2,328 வருகிறது, 2,350 என்று சொன்னேன். எடுத்துக்கொண்டு போனார். விலையைக் குறைக்க வேண்டுமென்றால் பையில் எதையாவது குறைக்கலாம், மணிக்கூலியில் கைவைக்க மாட்டேன்.

மூதூரிலிருந்து

தங்கச்சி, குருத்துக்கு 160 கொடுக்கிறீர்களா? யாரோ ஏமாற்றுகிறார்கள். எங்கள் பக்கம் வடலி நிறைய நிற்கிறது. நேரில் வந்தால் 100 ரூபாய்க்கு வாங்கித் தருவேன். ஓலையில் மிச்சம் பிடித்தால் பையை 2,500-க்கே விற்கலாமே.

உப்புவெளியில் பன்னவேலை செய்பவர்

நன்றி அண்ணா. எனக்குத் தருபவர் வெட்டிக் கட்டி வீட்டு வாசலில் இறக்கித் தருகிறார், அதற்கும் சேர்த்துத்தான் 160. பத்துக் குருத்துக்காக நான் மூதூர் வந்தால் 600 ரூபாய் மிச்சம், ஆனால் அரைநாள் போய்விடும். என் கணக்கில் அரைநாள் 1,000 ரூபாய், பஸ் காசு தனி. நாற்பது குருத்தாக எடுத்தால் உங்கள் விலை எனக்கு லாபம்தான். அத்தனையையும் காயவைக்க என் முற்றம் போதுமா என்பதே கேள்வி. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் ஓலை காயாது, பாதி பூஞ்சணத்துக்கே போய்விடும். புரட்டாதிக்கு முன் ஒருமுறை வரப் பார்க்கிறேன். அப்படி வாங்கினாலும் ஒரு பையில் ஓலைக்குக் குறைவது 150 ரூபாய்தான், 500 அல்ல.

தம்பலகாமத்தில் நூல் பின்னுபவர்

அக்கா, நான் குழந்தைகளுக்குத் தொப்பியும் காலுறையும் பின்னுகிறேன். பொருள் கணக்குச் சுலபம், நூல் பந்தின் விலை தெரியும். நேரம்தான் பிடிபடவில்லை. அடுப்பில் சோறு வேகும்போது நாலு வரி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்து நாலு வரி, இரவில் கொஞ்சம். ஒரு சோடி முடிய மூன்று நாள் ஆகிறது. மூன்று நாள் கூலி கேட்டால் யார் வாங்குவார்கள்? அதனால் நூல் விலையை இரண்டு மடங்காக்கிச் சொல்லிவிடுகிறேன். தொப்பிக்கு அது சரியாக வருகிறது. சின்னக் காலுறைக்கு வரவில்லை.

உப்புவெளியில் பன்னவேலை செய்பவர்

தங்கச்சி, மூன்று நாளும் உங்கள் கையில் ஊசி இருக்கவில்லையே. கைபேசியில் நேரம் அளக்கும் கடிகாரம் இருக்கிறது. பின்னத் தொடங்கும்போது ஓடவிட்டு, எழும்பும்போது நிறுத்தி வையுங்கள். ஒரு சோடி முடிந்ததும் அது காட்டுவதுதான் கூலிக்குரிய நேரம். முதல் சோடியை மட்டும் நம்பவேண்டாம், அடுத்தடுத்த சோடிகளையும் அளந்து நடுத்தரமானதை எடுங்கள்.

நான் ஒரு பையை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் செய்வதில்லை. சாயம் காய்ச்சினால் பத்துப் பைக்கு வேண்டிய ஓலையை ஒரே நாளில் காய்ச்சிவிடுவேன், வார்வதும் அப்படியே. அந்த நேரத்தைப் பத்தால் பிரித்துத்தான் ஒரு பைக்குச் சேர்க்கிறேன்.

நூல் விலையை இரண்டு மடங்காக்குவதில் உள்ள சிக்கலை நீங்களே கண்டுவிட்டீர்கள். காலுறைக்கு நூல் கொஞ்சம்தான், ஆனால் வளைவுகளில் எண்ணி எண்ணிப் பின்ன வேண்டும். நூல் குறைவாகப் பிடிக்கும் வேலையில்தான் உங்கள் நேரம் கணக்கில் வராமல் போகிறது.

நிலாவெளியில் விடுதி நடத்துபவர்

கடந்த பருவத்தில் வேறொருவர் இழைத்த பெட்டிகளை வரவேற்பு மேசையருகே வைத்திருந்தேன். வெளிநாட்டு விருந்தினர்கள் பேரம் பேசியது மிகக் குறைவு. யார் செய்தது, எந்த மரத்து ஓலை, தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்றுதான் கேட்டார்கள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீடியோ இருந்திருந்தால் அதையே போட்டுக் காட்டியிருப்பேன். சித்திரை முதல் புரட்டாதி வரை இங்கே ஆட்கள் வருவார்கள், உங்கள் பைகளை நான் வைத்து விற்கலாம். என் பங்கு 30 சதவீதம். உங்கள் 3,000-உடன் 30 சதவீதத்தைக் கூட்டி 3,900 என்று விலை போடுவோம். உங்கள் 3,000 உங்களுக்குக் குறையாமல் வந்துவிடும்.

கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்குப் பார்த்தவர்

தம்பி, உங்கள் பங்கு எதன்மீது 30 சதவீதம் என்று முதலில் சொல்லுங்கள். அவர் விலையின்மீது என்றால் உங்களுக்கு 900, அவருக்கு 3,000, கணக்குச் சரி. ஆனால் கடைகளும் விடுதிகளும் வழக்கமாக எடுப்பது விற்ற விலையின்மீது. 3,900-இல் 30 சதவீதம் 1,170 ரூபாய். அவர் கைக்கு 2,730 வரும், அடக்கம் போக லாபம் 230. விற்ற விலையில் 30 சதவீதம் உங்களுக்கு என்றால், 3,000-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும். 4,286 வருகிறது, 4,300 என்று போடலாம். இதை வாய்ப்பேச்சில் விடாமல் ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். சங்கத்துக்குக் கடகமும் சுளகும் நீற்றுப்பெட்டியும் கொண்டுவந்த பெண்களிடம் எப்படி விலை வைத்தீர்கள் என்று கேட்டால், பக்கத்து வீட்டார் என்ன விலைக்குக் கொடுத்தாரோ அதே விலை என்பார்கள். ஓலை சொந்த வளவில் வெட்டியது, அதனால் அதற்குக் கணக்கில் ஒன்றும் போடுவதில்லை. பெரிய கட்டளை ஒன்று வந்து, வளவு ஓலை போதாமல் வெளியில் வாங்கவேண்டி வந்தபோதுதான் கடகம் ஒன்றுக்குக் கையிலிருந்து காசு போவது தெரிந்தது. அதற்குள் விலை பேசி முற்பணமும் வாங்கியாயிற்று. சொந்த மரத்து ஓலைக்கும் சந்தை விலையைப் போட்டிருந்தால் அந்தக் கட்டளையை அந்த விலைக்கு ஏற்றிருக்க மாட்டார்கள்.

வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்தது, லாபத்தைச் சொல்லிவிட்டு நீங்கள் நிறுத்தியது. பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கடன் என்று தொடர்ந்திருந்தால் வாங்குபவர் பையை விட்டுவிட்டு உங்கள் குடும்பத்தை எடைபோடத் தொடங்கியிருப்பார். மணிக்கூலியைக் காட்டியதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கு 300 ஆக்கினால் பழைய வீடியோவை வைத்துக் கேட்பார்கள்.

உப்புவெளியில் பன்னவேலை செய்பவர்

ஐயா, மணிக்கூலியை மறைத்தால் 1,500 என்ற எண் அந்தரத்தில் நிற்கும். விலை கூடும்போது புது வீடியோ எடுப்பேன், பழையதில் மாதத்தையும் ஆண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

விடுதி விலைதான் என்னைக் குழப்புகிறது. வீடியோவில் 3,000 என்று பார்த்த விருந்தினர் நிலாவெளியில் 4,300 என்ற சீட்டைப் பார்த்தால் என்ன நினைப்பார்? இரண்டு இடத்திலும் 4,300 என்றால், திருகோணமலை நகரத்திலிருந்து என்னைத் தேடி வரும் ஆசிரியை போன்றவர்கள் வாங்க முடியாது. விடுதிக்கு மட்டும் வேறு அளவில், சாயம் போட்ட கரையோடு ஒரு பை செய்யலாமா என்று யோசிக்கிறேன்.

கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்குப் பார்த்தவர்

புது வடிவம் என்றால் மாதிரிக்குப் போகும் நாள்களையும் அந்தப் பையில்தான் ஏற்றவேண்டும். எல்லா இடத்திலும் ஒரே விலை என்பதே என் கட்சி. நேரில் விற்கும்போது கூடுதலாகக் கிடைப்பது, நீங்கள் கடைக்காரராக உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கான காசு.

நிலாவெளியில் விடுதி நடத்துபவர்

ஐயா சொன்ன வகுத்தல் கணக்கை நான் யோசிக்கவில்லை. என் பங்கை 25 சதவீதமாக்கினால் விலை 4,000-இல் நிற்கும். பருவம் தொடங்குமுன் பத்துப் பை அனுப்ப முடியுமா? விற்றபின் பணம் தருகிறேன்.

உப்புவெளியில் பன்னவேலை செய்பவர்

பத்துப் பை என்றால் அறுபது மணி நேரக் கூலியும் 8,000 ரூபாய்ப் பொருளும் உங்கள் மேசையில் முடங்கிக் கிடக்கும். விற்றபின் பணம் என்று அவ்வளவு தர என்னால் முடியாது. முதலில் இரண்டு பையை 3,000 ரூபாய்க்கு நீங்களே வாங்கி வைத்துப் பாருங்கள். அவை போகும் வேகத்தைப் பார்த்து அடுத்ததைப் பேசுவோம்.