திரையை மஞ்சளாக்கினால் 11 சொல் கூடுமா?

வேலந்தாவளம் அம்மா: மகனுக்கு 9 வயது, தமிழ் மீடியம் நாலாம் வகுப்பு. எழுத்தை வாசிப்பதில் சிக்கல் வரும் டிஸ்லெக்ஸியா என்று சொல்லிவிட்டார்கள். நிறக் கண்ணாடிக்கு 7,000 ரூபாய் கேட்கிறார்கள். வீட்டில் பழைய விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது. செலவில்லாமல் அதிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

முருகேசு, கொழிஞ்சாம்பாறை: கண்ணாடியே வாங்குங்கள் அக்கா. என் மகன் வெள்ளைத் தாளில் நிமிடத்துக்கு 28 சொல் வாசித்தான். மஞ்சள் கண்ணாடி போட்டதும் 39. பதினொரு சொல் கூடியது, கண்ணால் பார்த்தேன்.

சித்தூர் டீச்சர்: முருகேசு அண்ணா, இரண்டு தடவையும் ஒரே பாடமா?

முருகேசு: ஒரே பாடம்தான். அப்போதுதானே ஒப்பிட முடியும்?

சித்தூர் டீச்சர்: அதனால்தான் கூடியது. இரண்டாம் தடவை எந்தப் பிள்ளையும் வேகமாக வாசிக்கும். போன வருஷம் ஒரு பையனிடம் முதல் நாள் வெள்ளைத் திரையில் வாசிக்க வைத்தேன், 30 சொல். அதே பத்தியை உடனே மஞ்சளில் கொடுத்தேன், 38. மறுநாள் வேறு பத்தி, முதலில் மஞ்சள், பிறகு வெள்ளை. மஞ்சளில் 29, வெள்ளையில் 37. நிறம் மாறினாலும் இரண்டாவது வாசிப்புதான் ஏறியது. நிற லென்ஸ் டிஸ்லெக்ஸியாவைச் சரிசெய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் கூட்டாகவே சொல்லிவிட்டார்கள். 7,000 ரூபாயை ஏன் அங்கே கொடுக்க வேண்டும்?

முருகேசு: அமெரிக்காக்காரன் என் மகனைப் பார்த்தானா? 11 சொல் கூடியது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ராஜன், குமுளி: முதலில் கண்ணைப் பாருங்கள். பிரச்சினை கண்ணில்தான் இருக்கும், அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்ப்பார்கள்.

சித்தூர் டீச்சர்: கண்ணைப் பார்ப்பது சரி, பார்வைக் குறை இருந்தால் தெரிந்துவிடும். ஆனால் கண் நன்றாக இருந்தும் 'கொடி'யைக் 'கோடி' என்று வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுத்தையும் ஒலியையும் சேர்ப்பதில்தான் அவர்களுக்குச் சிக்கல். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வித்தியாசத்தை மஞ்சள் சொல்லித் தராது.

செல்வி, பாலக்காடு: எனக்கும் லேப்டாப் பார்த்தால் கண் எரியும். இரவில் ஸ்கிரீனை ஆரஞ்சு நிறமாக்கும் வசதி இருக்கிறதே, அதைப் போட்டேன், இப்போது நன்றாகத் தூங்குகிறேன்.

சித்தூர் டீச்சர்: செல்வி, அது வேறு விஷயம். அம்மா, லேப்டாப்பில் Edge என்ற பிரவுசர் இருக்கும். கட்டுரை மாதிரியான பக்கத்தைத் திறந்து F9 அழுத்துங்கள். விளம்பரம் எல்லாம் ஒதுங்கிக் கட்டுரை மட்டும் நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கலாம், Text spacing போட்டு இடைவெளியைக் கூட்டலாம். கொம்பும் எழுத்தும் பிரிந்து நிற்பதாகத் தெரிந்தால் உடனே அதை நிறுத்திவிடுங்கள். Page themes-இல் பின்னணி நிறம் இருக்கிறது, மஞ்சளும் இலவசம்தான். Line focus-இல் ஒரு வரியோ மூன்று வரியோ மட்டும் வெளிச்சமாக இருக்கும். வரி தாவுகிற பிள்ளைக்கு அது நல்லது. அட்டையில் ஒரு வரி அளவுக்கு ஜன்னல் வெட்டினால் புத்தகத்துக்கும் அதே வேலை நடக்கும்.

Ctrl+Shift+U அழுத்தினால் தமிழில் வாசித்துக் காட்டும், குரல் Pallavi என்று வரும், நெட் வேண்டும். வாசிக்கிற சொல் நிறம் மாறிக்கொண்டே போகும். அதை விரலால் தொடர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்த பாடப்புத்தகம் வெறும் படம் என்பதால் அதில் நடக்காது.

முருகேசு: அப்போ நீங்களே மஞ்சள் போடச் சொல்கிறீர்கள்! நான் சொன்னதைத்தானே சொல்கிறீர்கள்?

சித்தூர் டீச்சர்: பிள்ளைக்குப் பிடித்திருந்தால் போடட்டும், காசு போகவில்லை. வாசிப்பு கூடியது என்று சொல்வதற்கு முன் அளந்து பாருங்கள். ஐந்து நாள், தினமும் அவன் இதுவரை படிக்காத இரண்டு பத்திகள், நிறத்துக்கு ஒன்று, ஒரு நாள் வெள்ளை முதலில், மறுநாள் மஞ்சள் முதலில். சொல்லோடு தப்பையும் எண்ணுங்கள். வரி தாவினானா, எழுத்தை மாற்றினானா என்று தனியாகக் குறியுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

முருகேசு: என் கணக்கைத் தப்பென்று சொல்ல நீங்கள் யார்? போன மாதம் பஸ் நிறுத்த விஷயத்திலும் இப்படித்தான் என்னை மடக்கினீர்கள்.

ராஜன், குமுளி: தமிழ் மீடியத்தில் விட்டதே தப்பு. மலையாளத்தில் படித்திருந்தால் இந்தக் குழப்பம் வராது.

சித்தூர் டீச்சர்: மலையாளத்திலும் கொம்பு இருக்கிறது ராஜன் சார். எங்கள் பிள்ளைகளின் தாய்மொழியைக் குறை சொல்ல வேண்டாம்.

ராஜன், குமுளி: குறை சொல்லவில்லை, உண்மையைச் சொன்னேன்.

வேலந்தாவளம் அம்மா: இன்று F9 போட்டேன். ஒரு வரி வைத்ததும் வரி தாவவில்லை. 'தோட்டம்' மட்டும் மூன்று இடத்திலும் 'தொட்டம்'தான். மஞ்சளைச் சனிக்கிழமை தொடங்குகிறேன் டீச்சர்.

முருகேசு: மஞ்சளை விடாதீர்கள் அக்கா. 11 சொல்.