கிட் பாசிட்டிவ், ப்ரோஜெஸ்டிரோனும் ஏறியிருக்கிறது, ஆனால் ஸ்கேனில் முட்டை வெடிக்கவில்லை. எதை நம்புவது?

கயல் (ஈரோடு)

வணக்கம். குழந்தைக்காக முயற்சி செய்துகொண்டிருக்கிறோம். பீரியட்ஸ் 27, 28 நாளில் ஒழுங்காக வந்துவிடும், தைராய்டு நார்மல், கணவரின் ரிப்போர்ட்டும் நார்மல். இந்த மாதம் மாத்திரை, ஊசி எதுவும் இல்லாமல் முட்டை எப்படி வளர்கிறது என்று பார்க்க டாக்டர் ஃபாலிக்குலர் ஸ்டடி எழுதிக் கொடுத்தார். வந்தது இது:

10ஆம் நாள் வலது பக்கம் முட்டைப் பை 14 மி.மீ.
12ஆம் நாள் 18 மி.மீ.
13ஆம் நாள் மாலை, ஓவுலேஷனைத் தூண்டும் எல்.எச். ஹார்மோனைப் பார்க்கிற கிட்டில் இரண்டு கோடும் நல்ல அழுத்தம்
14ஆம் நாள் காலை 21 மி.மீ.
16ஆம் நாள் காலை 26 மி.மீ., வெடிக்கவில்லை, கர்ப்பப்பைக்குப் பின்னால் பி.ஓ.டி.யில் தண்ணீர் இல்லை
18ஆம் நாள் 31 மி.மீ., உள்ளே வலை மாதிரி தெரிகிறது என்றார்கள்
21ஆம் நாள் ப்ரோஜெஸ்டிரோன் 11.4

லேபில் ரிசல்ட் வாங்கும்போது அங்கிருந்தவர் "ப்ரோஜெஸ்டிரோன் நல்லா இருக்கும்மா, முட்டை வந்தாச்சு" என்றார். ஸ்கேன் செய்தவர் வெடிக்கவே இல்லை என்கிறார். டாக்டர் அடுத்த மாதம் வெடிக்க ஊசி போடலாம் என்றதோடு முடித்துக்கொண்டார், வெளியே கூட்டம், மேலே கேட்க முடியவில்லை. 27ஆம் நாள் பீரியட்ஸும் வந்துவிட்டது. முட்டை வந்ததா வரவில்லையா?

சுபா

கண்டிப்பாக வந்திருக்கும் கயல். கிட் பாசிட்டிவ் ஆனால் ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளியே வந்துவிடும். ப்ரோஜெஸ்டிரோன் 3-க்கு மேல் போனாலே ஓவுலேஷன் நடந்துவிட்டது என்று அர்த்தம், உங்களுக்கு 11 இருக்கிறது. வெடித்த பிறகு அதே இடத்தில் கார்பஸ் லூட்டியம் உருவாகும், அதைத்தான் ஸ்கேனில் பை என்று பார்த்திருப்பார்கள். ஸ்கேனை விட ரத்தப் பரிசோதனையை நம்புங்கள்.

நிலா92

எனக்கும் இதே பிரச்சினைதான் சிஸ்டர், கிட் எப்போது பார்த்தாலும் பாசிட்டிவ். 9ஆம் நாளும் பாசிட்டிவ், 20ஆம் நாளும் பாசிட்டிவ். பீரியட்ஸ் இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போகும். பி.சி.ஓ.எஸ். என்று மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். நீங்களும் டாக்டரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

ராகவன் (கருவியல் ஆய்வகம்)

நிலா, உங்கள் கதையும் கயல் கதையும் ஒன்றல்ல. பி.சி.ஓ.எஸ்.ஸில் பலருக்கு எல்.எச். எப்போதுமே கொஞ்சம் உயரத்தில் நிற்கும், சிறுநீரில் ஒரு அளவைத் தாண்டினாலே கிட் கோடு காட்டிவிடும், அது பொங்கி எழுந்ததா இல்லை அங்கேயே நிற்கிறதா என்று கிட்டுக்குத் தெரியாது. கயலுக்கு ஒரு பை ஒழுங்காக 14, 18, 21 என்று நாளுக்கு இரண்டு மி.மீ. கணக்கில் வளர்ந்து, அது சுரந்த ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவு ஏறி, அதன் பிறகுதான் எல்.எச். பொங்கியிருக்கிறது. பொங்கல் உண்மையானதுதான். அதன் பிறகு என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

சுபா சொன்னதில் பாதி சரி. எல்.எச். பொங்கும்போது அந்தப் பைக்குள் மூன்று வேலைகள் தொடங்குகின்றன. முட்டை முதிர வேண்டும். பையின் சுவரில் இருக்கும் செல்கள் ப்ரோஜெஸ்டிரோன் சுரக்கும் செல்களாக மாற வேண்டும். சுவர் ஓரிடத்தில் மெலிந்து உடைந்து முட்டை வெளியே போக வேண்டும். வழக்கமாக மூன்றும் சேர்ந்தே நடப்பதால் ஒன்றைப் பார்த்து மற்ற இரண்டும் நடந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறோம். ரத்தப் பரிசோதனை காட்டுவது இரண்டாவதை மட்டும். சுவர் உடையாமலே அந்தச் செல்கள் மாறிவிட்டால் ப்ரோஜெஸ்டிரோன் ஏறும், உடம்புச் சூடு ஏறும், பீரியட்ஸ் நாள் தவறாமல் வரும், முட்டை மட்டும் உள்ளேயே இருக்கும். இதற்கு எல்.யு.எஃப். என்று பெயர். கயல் எழுதியிருக்கும் எண்கள் அப்படித்தான் இருக்கின்றன.

கயல், ஒன்று கேட்கிறேன், அந்த வாரத்தில் வலி மாத்திரை ஏதாவது எடுத்தீர்களா? முதுகு வலி, மூட்டு வலி, தலைவலி எதற்காக இருந்தாலும் சொல்லுங்கள்.

கயல் (ஈரோடு)

எடுத்தேன் சார். இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கிற வலி, கொஞ்ச காலமாகவே இருக்கிறது. எலும்பு டாக்டர் டைக்ளோஃபெனாக் 50 காலை, இரவு எழுதியிருந்தார். வலி அதிகமான வாரங்களில் தொடர்ந்து போடுவேன், இந்த மாதம் 11ஆம் நாளிலிருந்து ஒரு வாரம் போட்டேன். குழந்தைக்காகப் பார்க்கிற டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இதற்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்?

ராகவன் (கருவியல் ஆய்வகம்)

நேரடிச் சம்பந்தம் உண்டு. எல்.எச். வந்த சில மணி நேரத்தில் பையின் சுவர்ச் செல்கள் காக்ஸ்-2 என்ற நொதியைப் புதிதாகத் தயாரிக்கின்றன, அது ப்ரோஸ்டாகிளாண்டினை உண்டாக்குகிறது. சுவரின் நார்களைக் கரைப்பதிலும் சுவர் ஓரிடத்தில் மெலிவதிலும் அதற்குப் பெரிய பங்கு. டைக்ளோஃபெனாக், இண்டோமெத்தசின், எடோரிகாக்சிப் எல்லாம் வலியைக் குறைப்பதே அந்த நொதியை அடைத்துத்தான். இடுப்பில் அடைக்கிற மருந்து சினைப்பையிலும் அடைக்கும். ப்ரோஜெஸ்டிரோன் சுரப்புக்கு அந்த நொதி அவ்வளவாகத் தேவையில்லை, அதனால் அது வழக்கம்போல நடந்துவிடும்.

எங்கள் வேலையிலேயே இதைப் பயன்படுத்துவதுண்டு. மருந்து அதிகம் இல்லாமல் ஒற்றை முட்டையை வைத்துச் செய்கிற ஐ.வி.எஃப்.பில், எடுப்பதற்கு முன்னால் பை வெடித்துவிடக் கூடாது என்பதற்காகவே சில இடங்களில் இண்டோமெத்தசின் கொடுப்பார்கள்.

எல்லோருக்கும் ஒவ்வொரு மாதமும் இப்படி ஆகாது. ஒன்றிரண்டு மாத்திரையில் ஆவதை விட அந்த நாட்களில் தொடர்ந்து போடும்போதுதான் வாய்ப்பு கூடும். நிறுத்தினால் பொதுவாகச் சரியாகிவிடும்.

செல்வி (ஸ்கேன் வேலை)

சார் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் ஸ்கேனை வைத்து இவ்வளவு உறுதியாகச் சொல்ல நான் தயங்குவேன். 14ஆம் நாளுக்கும் 16ஆம் நாளுக்கும் நடுவில் 48 மணி நேரம் இருக்கிறது. வெடித்த பைக்குள் ரத்தம் நிறைந்து மறுபடி உப்பிக்கொள்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தம் உறைந்தால் அதுவும் வலை மாதிரிதான் தெரியும். தண்ணீர் இல்லை என்பதும் முடிவான சாட்சி இல்லை, சிலருக்குக் கொஞ்சமாக வந்து சீக்கிரம் உறிஞ்சிவிடும். 15ஆம் நாள் ஒரு ஸ்கேன் இருந்திருந்தால் பேச்சே இல்லை.

ராகவன் (கருவியல் ஆய்வகம்)

நியாயமான கேள்வி செல்வி. 15ஆம் நாள் படம் இல்லாதது குறைதான். ஆனால் 16ஆம் நாள் ரிப்போர்ட்டில் ஓரம் சுருங்கியதாகவோ உள்ளே கலங்கலாகவோ எதுவும் எழுதவில்லை, தெளிவான உருண்டைப் பையாக 26 என்றிருக்கிறது, வலை 18ஆம் நாள்தான் வருகிறது. வெடித்து நிறைந்த பை என்றால் முதல் படத்திலேயே கலங்கல் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கயலிடம் படம் இருந்தால் ஸ்கேன் செய்தவரிடமே காட்டி அந்த ஒன்றை மட்டும் கேட்கலாம்.

சுபா

சரி, நான் ப்ரோஜெஸ்டிரோன் எண்ணை மட்டும் பார்த்துவிட்டேன். அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம், உள்ளே மாட்டிக்கொண்ட முட்டை முதிர்ந்திருக்குமா, இல்லை அதுவும் பாதியில் நின்றிருக்குமா? டாக்டர் சொன்ன ஊசி போட்டால் வெடித்துவிடாதா?

ராகவன் (கருவியல் ஆய்வகம்)

முட்டை பெரும்பாலும் முதிர்ந்திருக்கும். கயல் அவர் அம்மா வயிற்றில் இருந்தபோதே அந்த முட்டை செல் பிரிவைத் தொடங்கி, பாதியில் நின்று, இத்தனை வருடம் அப்படியே காத்திருந்தது. எல்.எச். முட்டையிடம் நேராகப் பேசுவதில்லை, அதை வாங்கிக்கொள்ளும் இடம் சுவர்ச் செல்களில்தான் இருக்கிறது. அவை சுற்றியிருக்கும் செல்களுக்குச் சேதி அனுப்ப, முட்டையைப் பிடித்து வைத்திருந்த தடை விலகுகிறது. அது தன் குரோமோசோம்களில் பாதியை ஒரு சின்னப் பொட்டலமாக ஓரத்தில் தள்ளிவிட்டு மறுபடி நிற்கிறது, விந்தணு நுழைந்தால்தான் மீதி நடக்கும்.

நாங்கள் ஊசி போட்டு சுமார் 36 மணி நேரத்தில், வெடிப்பதற்குச் சற்று முன்னால், பையிலிருந்து முட்டையை உறிஞ்சி எடுக்கிறோம். தட்டில் ஊற்றிய திரவத்தில் முதலில் கண்ணுக்குத் தெரிவது கோழிமுட்டை வெள்ளைக்கரு மாதிரி நீளும் ஒரு வழவழப்பான துணுக்கு, அதற்கு நடுவில்தான் முட்டை. அந்தச் செல்களை நீக்கிவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஓரத்தில் அந்தச் சின்னப் பொட்டலம் இருக்கும். இருந்தால் முதிர்ந்தது என்று எழுதுவோம். ஒரு முட்டைகூட வெடித்து வந்ததில்லை, ஆனால் முதிர்ந்திருக்கின்றன. முதிர்வது வேறு, வெளியே வருவது வேறு என்பதை நான் தினமும் பார்ப்பது இங்கேதான்.

ஊசி விஷயம். எச்.சி.ஜி. ஊசி எல்.எச். உட்காரும் அதே இடத்தில்தான் உட்காருகிறது. கயலுக்குச் சொந்த எல்.எச். குறைவு என்று தோன்றவில்லை. டைக்ளோஃபெனாக் ஓடிக்கொண்டிருக்கும்போது ஊசி போட்டாலும் தடை அதே கட்டத்தில் இருக்கும். முதலில் இரண்டு டாக்டரிடமும் மாத்திரையைச் சொல்லி, 10ஆம் நாளிலிருந்து முட்டை வெடிக்கும் வரை பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். வாத நோய்க்குத் தினமும் எடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்த வேண்டாம்.

கயல் (ஈரோடு)

அடுத்த மாதம் ஸ்கேன் முடிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். இரண்டு டாக்டரும் ஒப்புக்கொண்டு டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி பாராசிட்டமாலும் பிசியோதெரபியும் என்றார்கள். ஊசி வேண்டாம், பார்க்கலாம் என்றார். இந்த முறை இடது பக்கம், 12ஆம் நாள் 19, 13ஆம் நாள் காலை கிட் பாசிட்டிவ். செல்வி அக்கா சொன்னபடி 14, 15 இரண்டு நாளும் ஸ்கேன் கேட்டு வாங்கினேன். 14ஆம் நாள் 22. 15ஆம் நாள் மதியம் பை சுருங்கி ஓரம் மடிந்திருந்தது, பி.ஓ.டி.யில் தண்ணீர் இருந்தது. பழைய படத்தையும் காட்டினேன், 16ஆம் நாள் தெளிவாகத்தான் இருந்தது என்றார். கால் வலிதான் பாராசிட்டமாலில் முழுதாக அடங்கவில்லை.

செல்வி (ஸ்கேன் வேலை)

நல்ல செய்தி கயல், இந்தப் படத்தில் சந்தேகமே இல்லை. மாத்திரைதான் காரணம் என்று ஒரு மாதத்தை வைத்து நான் முடிவு கட்ட மாட்டேன், எந்த மருந்தும் எடுக்காதவர்களுக்கும் எப்போதாவது ஒரு மாதம் வெடிக்காமல் போகும். எண்டோமெட்ரியோசிஸ் இருப்பவர்களிடம் அதிகம் பார்க்கிறோம். மாத்திரை இல்லாமலே மறுபடி வந்தால் டாக்டரிடம் அதையும் கேளுங்கள்.

நிலா92

சார், நான் பீரியட்ஸ் முதல் இரண்டு நாள் மெஃபனமிக் ஆசிட் போடுவேன், வலி தாங்க முடியாது. அதையும் விட வேண்டுமா?

ராகவன் (கருவியல் ஆய்வகம்)

அதற்காக விட வேண்டியதில்லை நிலா. அந்த மாத்திரை ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், அப்போது பை இன்னும் சின்னதாகத்தான் இருக்கும். கவனிக்க வேண்டியது எல்.எச். பொங்குவதைச் சுற்றியுள்ள சில நாட்களை மட்டும். உங்களுக்கு அந்த நாள் எது என்று கிட் காட்டாது, ஸ்கேனில்தான் பார்க்க வேண்டும்.