ஒன்பது லட்சம் லீசுக்கு வீடு, உரிமையாளர் அபுதாபியில்: எங்கள் அனுபவம்

வேளச்சேரி_வாசகி:

திருமணமாகி எட்டு மாதங்கள் ஆன நிலையில், மாத வாடகையிலிருந்து தப்பிக்கலாம் என்ற ஆசையில் நானும் என் கணவரும் லீசுக்கு வீடு தேடிக்கொண்டிருந்தோம். மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட முதல் மாடி வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் ஒருவர் காட்டினார். மூன்று ஆண்டுகளுக்கு ஒன்பது லட்சம் ரூபாய் என்றார். உரிமையாளர் ஆறு ஆண்டுகளாக அபுதாபியில் இருப்பதாகவும், தம் பெயருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். சாவியைத் தம் சட்டைப் பையிலிருந்தே எடுத்துத் திறந்ததால் எங்களுக்குச் சந்தேகமே எழவில்லை.

மறுநாள் மாலைக்குள் ஒன்றரை லட்சம் டோக்கன் அட்வான்ஸ் போடாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும் என்று தொலைபேசியில் நான்கு முறை நினைவூட்டினார். என் கணவர் பத்தாயிரத்தை உடனே அனுப்பினார். மீதியை அனுப்ப முயன்றபோது, புதிதாகச் சேர்த்த கணக்கு என்பதால் அன்று அவ்வளவு பெரிய தொகையை அனுப்ப வங்கி அனுமதிக்கவில்லை. எரிச்சலோடு படுக்கப் போனோம்.

அன்றிரவு அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பவர் பத்திரத்தின் படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். நூறு ரூபாய் முத்திரைத்தாளில் விற்பனையாளர் ஊதா மையில் எழுதியிருந்த வரியில், தாளை வாங்கியவர் பெயராகப் புரோக்கரின் பெயரே இருந்தது. அதே தேதியில், சென்னை நோட்டரி ஒருவரின் முத்திரைக்கு மேலே, உரிமையாளரின் கையெழுத்தும் இருந்தது. ஆறு ஆண்டுகளாக ஊருக்கே வராதவர் சென்னையில் எப்படிக் கையெழுத்திட்டார்? காலையில் புரோக்கரிடம் வீட்டின் பத்திர எண்ணைக் கேட்டேன். "லீசுக்குப் போகிறவர்கள் பத்திர எண்ணெல்லாம் கேட்க மாட்டார்கள் அம்மா" என்று சிரித்தார்.

அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுத் தனியாக அந்தத் தெருவுக்குப் போனேன். எதிர்ப்புறம் வேப்ப மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் விசாரித்தபோது, "வீட்டுக்காரர் ஐயாவா? போன வாரம்கூட மோட்டார் பார்க்க வந்தாரே, தாம்பரத்தில்தானே இருக்கிறார்" என்று கூறி எண்ணையும் கொடுத்தார். உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இந்த மனிதருக்கு மாதம் 22,000 ரூபாய் வாடகைக்குப் பதினொரு மாத ஒப்பந்தம் போட்டுக் கொடுத்திருப்பதாகவும், பவர் எதுவும் எழுதித் தரவில்லை என்றும், தமக்குக் கடவுச்சீட்டே கிடையாது என்றும் சொன்னார்.

எங்களிடம் ஒன்பது லட்சத்தை வாங்கி, அதிலிருந்தே சில மாதங்களுக்கு உரிமையாளருக்கு ஒழுங்காக வாடகை கட்டி, பிறகு தலைமறைவாகிவிடுவதுதான் திட்டமாக இருந்திருக்க வேண்டும். வாடகை வரும் வரை உரிமையாளருக்கும் தெரியாது. எங்களை யாரும் கேட்காத வரை எங்களுக்கும் தெரியாது.

ஆதம்பாக்கம்_முருகு:

நல்லவேளை தப்பித்தீர்கள், சகோதரி. இதற்கெல்லாம் இவ்வளவு அலைய வேண்டியதில்லை. வில்லங்கச் சான்றை இணையத்தில் போட்டுப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுக்கலாம். நான் அப்படித்தான் இரண்டு வீடுகள் மாறினேன்.

பழைய_பத்திரப்பதிவு_எழுத்தர்:

தம்பி சொல்வது பாதி சரி. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். இந்தப் புரோக்கர் வைத்திருந்த பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் பதிவாகியிருக்காது என்பதால் சான்று சுத்தமாகவே இருந்திருக்கும்; அதை நம்பியிருந்தால் பணம் போயிருக்கும். ஆனாலும் பார்ப்பதில் பயன் உண்டு. உரிமையாளர் யார் என்பதும், வீடு வங்கியில் அடமானமாகப் பதிவாகியிருக்கிறதா என்பதும் அதில் தெரியும். அடமானம் இருந்து தவணை நின்றுபோனால் வங்கி வீட்டைக் கையகப்படுத்தும். அப்போது லீசுக்கு இருப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

அந்தப் பெண் பவரில் கவனித்தது மிகச் சரியான இடம். வெளிநாட்டில் இருப்பவர் பவர் கொடுத்தால், பெரும்பாலும் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புவார். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். பவர் உண்மையானதாகவே இருந்தாலும் உள்ளே எழுதியிருப்பதை வரி வரியாகப் படியுங்கள். "வாடகை வசூலிக்கவும் வீட்டைப் பராமரிக்கவும்" என்று மட்டும் இருந்தால், ஒன்பது லட்சத்தை மொத்தமாக வாங்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

இன்னொன்று: ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதினொரு மாதம் என்று எல்லோரும் எழுதுவதற்குக் காரணமே அதுதான். மூன்று ஆண்டு லீசைப் பதிவில்லாத தாளில் எழுதிக்கொண்டு ஒன்பது லட்சம் கொடுப்பவர்களை என் பணிக்காலம் முழுவதும் பார்த்தேன்; கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறார்களாம்.

செங்கல்பட்டு_மனை:

எனக்கும் இதே கதைதான். மனைக்கு முன்பணம் ஐம்பதாயிரம் கொடுத்தேன். ஏஜெண்டிடம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவு எண் கேட்டிருந்தால் அன்றே மாட்டியிருப்பார். நீங்களும் எண்ணைக் கேட்டிருக்க வேண்டும்.

பழைய_பத்திரப்பதிவு_எழுத்தர்:

ஐயா, இவர்கள் மனை வாங்கவில்லை, லீசுக்கு வீடு தேடினார்கள். ரெரா ஏஜெண்ட் பதிவு, ரெராவில் பதிவான திட்டங்களில் மனையோ குடியிருப்போ விற்றுக் கொடுப்பவர்களுக்கு உரியது. தெருவில் வாடகை வீடு காட்டும் புரோக்கரிடம் அதைக் கேட்டால் விழிப்பார். அதனால் மட்டும் அவர் மோசடிக்காரர் ஆகிவிட மாட்டார்.

மேற்கு_மாம்பலம்_வீட்டுக்காரி:

நான் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். என் வீட்டில் குடியிருந்தவரே இதைச் செய்தார். வாடகை இரண்டு மாதம் வராததால் நேரில் போனபோது முன்பின் தெரியாத குடும்பம் கதவைத் திறந்தது. கைக்குழந்தையோடு அந்தப் பெண், "ஏழு லட்சம் கொடுத்திருக்கிறோம் அம்மா, எங்கே போவோம்?" என்று அழுதாள். அவர்களைக் காலி செய்யச் சொல்லவும் மனம் வரவில்லை, ஏழு லட்சத்தை நான் திருப்பிக் கொடுக்கவும் நியாயமில்லை. வாங்கியவர் இன்றுவரை கிடைக்கவில்லை. வீட்டு உரிமையாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று இப்போது என் உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குடும்பத்தின் விஷயத்தில் நான் செய்தது சரியா என்பது எனக்கே விளங்கவில்லை.

ஆதம்பாக்கம்_முருகு:

எழுத்தர் ஐயா சொன்னது புரிந்தது. ஆனால் வில்லங்கம் பார்க்கவே பத்திர எண்ணோ சர்வே எண்ணோ வேண்டுமே. தர மறுத்தால் என்ன செய்வது?

பழைய_பத்திரப்பதிவு_எழுத்தர்:

தர மறுப்பதே ஒரு பதில்தான். சொத்து வரி ரசீதையும் மின் கட்டண ரசீதையும் கேளுங்கள். பழைய பெயரே நீடிக்கும் வீடுகளும் உண்டு என்பதால் பெயர் வேறுபட்டால் உடனே பதற வேண்டாம், விசாரியுங்கள். பணத்தை மட்டும் உரிமையாளரின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள்.

வேளச்சேரி_வாசகி:

ஐயா சொன்ன பிறகு பார்த்தேன். பத்தாயிரம் போன கணக்கு உரிமையாளர் பெயரிலும் இல்லை, புரோக்கர் பெயரிலும் இல்லை, ஏதோ ஒரு டிராவல்ஸ் பெயரில் இருக்கிறது. பணம் அனுப்பும்போது அந்தப் பெயர் திரையில் வந்தது, என் கணவர் படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். திருப்பிக் கேட்டதற்கு, வீடு காட்டியதற்கான செலவு என்று சொல்லி நான்காயிரத்தை மட்டும் அனுப்பிவிட்டு எண்ணை மாற்றிவிட்டார். காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம்.

நேற்று இஸ்திரிக்காரர் அழைத்தார். வேறொரு இளம் தம்பதி அந்த வீட்டைப் பார்க்க வந்தார்களாம். உரிமையாளரின் எண்ணை அவர்கள் கையில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.